காளை பார்ப்பது நிறத்தையா, அசைவையா?

கன்னிவாடி வட்டாரத்தில் பொங்கல் நெருங்கும்போது பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் வழி கொஞ்சம் மாறிவிடும். வேறு நாட்களில் தொழுவத்தில் நிற்கும் காளைகளைப் பன்றிமலை அடிவாரத்து ஊர்களில் தெருவோரத்திலும் களத்து மேட்டிலும் கட்டிப் போட்டிருப்பார்கள். நடைப்பயிற்சிக்கு அவற்றைப் பிடித்துக்கொண்டு போகிறவர்களும் எதிரே வருவார்கள். அந்த நாட்களில் ஒன்றில்தான் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து சொன்னாள்: "சார், செவப்புச் சட்ட போட்டுட்டுப் போனா மாடு முட்டிரும்னு எங்க அப்பத்தா சொல்லுச்சு. அதான் இன்னிக்கு செவப்பு ரிப்பன் கட்டல."

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அதை நம்பினார்கள். பக்கத்து வரிசையில் இருந்த ஒரு மாணவன் மட்டும் தயங்கித் தயங்கி இன்னொன்றைச் சொன்னான். முந்தைய நாள் மாலை அவன் மஞ்சள் பையைச் சுழற்றிக்கொண்டே ஒரு காளையைக் கடந்து ஓடியிருக்கிறான். காளை சட்டென்று திரும்பிப் பாய்ந்திருக்கிறது. கட்டுக்கயிறு இழுத்து நிறுத்தியதால் தப்பித்தான். அவன் உடலில் சிவப்பு எதுவும் இல்லை.

இந்த இரண்டு பிள்ளைகளில் யார் ஆபத்தில் இருந்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. ரிப்பனை அவிழ்த்துவிட்டு வந்தவள் தனக்கு ஆபத்து நீங்கிவிட்டதாக நினைக்கிறாள். பையைச் சுழற்றியவன் சிவப்பு அணியாததால் தனக்கு ஆபத்தே இல்லை என்று நினைத்திருந்தான். ஒரு தவறான விளக்கம் இருவருக்கும் பொய்யான பாதுகாப்பைக் கொடுத்திருக்கிறது. ஆகவே, "அது மூடநம்பிக்கை" என்று ஒரு வரியில் முடித்துவிடாமல், காளை உண்மையில் எதைப் பார்க்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது.

மாட்டின் கண்ணில் எத்தனை வகைக் கூம்பு செல்கள்?

விழித்திரையில் குச்சி செல்களும் கூம்பு செல்களும் இருப்பதை நம் மாணவர்கள் படிக்கிறார்கள். குச்சி செல்கள் மங்கிய ஒளியிலும் வேலை செய்யும். நிறத்தைப் பிரித்துச் சொல்லாது. நிறம் அறிய உதவுபவை கூம்பு செல்கள். மனிதக் கண்ணில் கூம்பு செல்கள் மூன்று வகை. அவை ஏறத்தாழ 420, 530, 560 நானோமீட்டர் அலைநீளங்களுக்கு அருகில் அதிகமாகத் தூண்டப்படுகின்றன.

மாட்டின் கண்ணில் இரண்டே வகைதான். ஒன்று ஏறத்தாழ 445 நானோமீட்டரிலும் மற்றொன்று 555 நானோமீட்டரிலும் உச்ச அளவில் தூண்டப்படுகின்றன. முதலாவது நீலப் பகுதி. இரண்டாவது மஞ்சள் கலந்த பச்சைப் பகுதி.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். "மாட்டுக்குச் சிவப்பு தெரியாது" என்று சொல்லிவிடுகிறார்கள். சிவப்பு ஒளி மாட்டின் கண்ணில் படாமல் போவதில்லை. 555-இல் உச்சம் பெறும் கூம்பு செல் 620, 640 நானோமீட்டர் ஒளியிலும் குறைந்த அளவில் தூண்டப்படத்தான் செய்கிறது. மாட்டுக்கு இல்லாதது ஒப்பிடும் வசதி.

நிறம் என்பது ஒரு செல் தனியாகச் சொல்லும் செய்தி அல்ல. இரண்டு வகைச் செல்கள் எந்த அளவுக்குத் தூண்டப்பட்டன என்பதை ஒப்பிட்டே மூளை நிறத்தை முடிவு செய்கிறது. நம் கண்ணில் 530 வகையும் 560 வகையும் அருகருகே இருக்கின்றன. பச்சை இலையிலிருந்து வரும் ஒளி முதல் வகையைச் சற்று அதிகமாகத் தூண்டுகிறது. சிவப்புத் துணியிலிருந்து வரும் ஒளி இரண்டாவது வகையை மிக அதிகமாகத் தூண்டுகிறது. இந்த வேறுபாட்டைத்தான் நாம் பச்சை என்றும் சிவப்பு என்றும் உணர்கிறோம். மாட்டின் கண்ணில் அந்தப் பகுதிக்கு ஒரே ஒரு வகைதான் இருக்கிறது. இலையும் துணியும் அந்த ஒரு வகையைத்தான் தூண்டுகின்றன. ஆகவே அவற்றுக்கு இடையே மாட்டுக்குக் கிடைக்கும் முக்கிய வேறுபாடு, ஒன்று சற்று வெளிச்சமாகவும் மற்றொன்று சற்று இருண்டும் தெரிவது மட்டுமே. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்புப் புடவையும் பச்சைப் புடவையும் சாம்பல் நிறத்தின் இரண்டு சாயல்களாகத் தெரிவதைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் இது எளிதில் விளங்கும்.

இதிலிருந்து, "மாட்டுக்கு உலகமே கறுப்பு வெள்ளை" என்ற அடுத்த தவறுக்கும் போய்விடக் கூடாது. இரண்டு வகைக் கூம்பு செல்கள் இருப்பதால், நீலத்தையும் சிவப்பையும் மாடு பிரித்தறிய முடியும். மாடு முழு நிறக்குருடு அல்ல. சிவப்பையும் பச்சையையும் பிரிப்பதில்தான் அதற்குத் தடுமாற்றம்.

அசைவு ஏன் முந்திக்கொள்கிறது?

மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. கண்மணி நம்முடையதைப் போல வட்டமாக இல்லாமல் கிடைமட்டமாக நீண்டிருக்கிறது. இதனால் தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றி 300 பாகைக்கும் மேல் அதனால் பார்க்க முடிகிறது. நேர் பின்னால் மட்டும் சிறிய மறைவுப் பகுதி உண்டு. நமக்கோ இரண்டு கண்ணும் சேர்ந்து 200 பாகைதான் வரும்.

இந்த அகன்ற பார்வைக்கு ஒரு விலை இருக்கிறது. இரண்டு கண்களும் சேர்ந்து பார்க்கும் பகுதி முன்புறம் குறுகியது. அங்கேதான் தொலைவைச் சரியாக மதிப்பிட முடியும். பார்வையின் கூர்மையும் நம்முடையதைவிடக் குறைவு. தூரத்தில் அசையாமல் நிற்கும் மனிதன் மாட்டுக்கு மரத்திலிருந்தும் வேலியிலிருந்தும் தெளிவாகப் பிரிந்து தெரியமாட்டான். அவன் கையை ஆட்டியதும் நிலைமை மாறிவிடும். பின்னணி அசையாமல் இருக்க, ஒரு பகுதி மட்டும் இடம் மாறுகிறது. விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புச் செல்களில் பல, மாறாத ஒளிக்கு மெதுவாக அடங்கிப்போய், மாறும் ஒளிக்கு உடனே தூண்டப்படும் தன்மை கொண்டவை. மேய்ந்துகொண்டிருக்கும் விலங்குக்குப் புதரின் நிறத்தைவிடப் புதருக்குள் ஏதோ நகர்ந்தது என்ற செய்திதான் உயிர் காத்தது.

துணியை வீசும்போது இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே நேரத்தில் தூண்டப்படுகிறது. துணி பெரியது, விளிம்புகள் வேகமாக இடம் மாறுகின்றன, மடிப்புகளில் வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வருகின்றன. காற்றில் படபடக்கும் ஓசையும் சேர்ந்துகொள்கிறது. அந்தத் துணி வெள்ளையாக இருந்தாலும் நீலமாக இருந்தாலும் இவை எதுவும் குறையாது. மாடுகளைக் கையாளும் முறைகளை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் டெம்பிள் கிராண்டின், மாடுகள் செல்லும் பாதையில் வேலியில் தொங்கும் சட்டை, ஆடும் சங்கிலி போன்றவற்றை முதலில் அகற்றச் சொல்வதற்கும் இதுவே காரணம். அந்தச் சட்டை என்ன நிறம் என்று அவர் கேட்பதில்லை.

இதை வகுப்பறையிலேயே, காளை இல்லாமல் காட்ட முடியும். நம்முடைய பார்வையின் ஓரப்பகுதியும் நிறத்தில் பலவீனமானது; அசைவில் கூர்மையானது. தரையில் சுண்ணக்கட்டியால் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆரத்தில் அரைவட்டம் வரைந்து, பத்துப் பாகைக்கு ஒரு கோடு போடுங்கள். ஒரு மாணவர் மையத்தில் உட்கார்ந்து, நேர் எதிரே சுவரில் உள்ள ஒரு புள்ளியை மட்டும் பார்க்கட்டும். இன்னொருவர் பின்னாலிருந்து ஒரு வண்ணப் பென்சிலை அவருடைய கண் மட்டத்தில் ஓரத்திலிருந்து மெதுவாக முன்னே கொண்டு வரட்டும். முதலில் பென்சிலை ஆட்டாமல், ஒவ்வொரு கோட்டிலும் நிறுத்தி நிறுத்திக் கொண்டு வர வேண்டும். அடுத்து ஆட்டிக்கொண்டே கொண்டு வர வேண்டும். "ஏதோ தெரிகிறது" என்று சொன்ன கோணத்தையும், "என்ன நிறம் என்று தெரிகிறது" என்று சொன்ன கோணத்தையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

ஆட்டிய பென்சில் மிக ஓரத்திலேயே பிடிபடும். நிறமோ பென்சில் இன்னும் நன்றாக முன்னால் வந்த பிறகே உறுதியாகும். இடையில் உள்ள கோணங்களில், பென்சில் அசைவது தெரியும்; அது சிவப்பா பச்சையா என்பது தெரியாது. கோணங்கள் ஆளுக்கு ஆள், பென்சிலின் பருமனுக்கு ஏற்ப மாறும், வரிசை மாறாது. மாணவர் கண்ணைத் திருப்பிவிட்டால் முடிவு கெட்டுவிடும் என்பதால், எதிரே ஒருவர் நின்று அவருடைய கண்ணைக் கவனிக்க வேண்டும்.

நான்கு கட்டங்கள்

அப்படியானால் சிவப்பு நம்பிக்கை ஏன் இவ்வளவு காலம் நிற்கிறது? காரணம் மாட்டின் கண்ணில் இல்லை. நாம் பார்த்த முறையில் இருக்கிறது.

கரும்பலகையில் நான்கு கட்டங்கள் வரையுங்கள். மேலே இரண்டு தலைப்புகள்: அசையும் துணி, அசையாத துணி. இடப்பக்கம் இரண்டு: சிவப்பு, வேறு நிறம். காளை துணியைப் பாய்ந்து முட்டுவதை உங்களில் எத்தனை பேர் எந்தக் கட்டத்தில் பார்த்திருக்கிறீர்கள் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். ஏறத்தாழ எல்லோரும் ஒரே கட்டத்தைத்தான் காட்டுவார்கள்: சிவப்பு, அசைவது. திரைப்படத்திலும் கார்ட்டூனிலும் ஸ்பெயின் நாட்டு எருதுச் சண்டைப் படங்களிலும் அவர்கள் பார்த்தது அது ஒன்றுதான். மற்ற மூன்று கட்டங்களும் காலியாக இருக்கும்போது, பாய்ச்சலுக்குக் காரணம் சிவப்பா அசைவா என்று சொல்ல வழியே இல்லை. இரண்டு மாறிகள் எப்போதும் ஒன்றாகவே வந்திருக்கின்றன.

காலிக் கட்டங்களை நிரப்பியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் 1923-இல் வெளியிட்ட ஆய்வில், மாடுகளின் முன் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சைத் துணிகளைக் காட்டிப் பார்த்தார். சிவப்புக்கு என்று தனிச் சினம் எதுவும் வெளிப்படவில்லை. துணி படபடத்தபோதுதான் மாடுகளின் கவனம் கூடியது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'மித்பஸ்டர்ஸ்' நிகழ்ச்சிக் குழு 2007-இல் சிவப்பு, நீலம், வெள்ளைக் கொடிகளை வைத்துச் சோதித்தபோது காளை மூன்றையுமே தாக்கியது. அவர்கள் செய்த இன்னொரு சோதனை வகுப்புக்கு மிகவும் பொருந்தும். சிவப்பு உடை அணிந்தவர் அசையாமல் நின்றார். வேறு நிற உடை அணிந்தவர்கள் அங்குமிங்கும் நகர்ந்தார்கள். சிவப்புதான் காரணம் என்றால் காளை நிற்பவரிடம் போக வேண்டும். அசைவுதான் காரணம் என்றால் நகர்பவரிடம் போக வேண்டும். காளை நகர்ந்தவர்களைத் துரத்தியது. எப்போதும் ஒன்றாகவே வந்த இரண்டு மாறிகளையும் எதிரெதிராக நிறுத்தியதுதான் அந்தச் சோதனையின் சிறப்பு. தொலைக்காட்சிக்காக ஓரிரு காளைகளை வைத்துச் செய்த சோதனையை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லலாம். ஆனால் ஸ்ட்ராட்டனின் முடிவும், கூம்பு செல்களைப் பற்றி நாம் அறிந்ததும் அதே திசையைக் காட்டுகின்றன.

எருதுச் சண்டையே இதற்கு இன்னொரு சான்று. தொடக்கச் சுற்றுகளில் வீரர் பயன்படுத்தும் பெரிய துணி சிவப்பு அல்ல. அது வழக்கமாக ஒரு பக்கம் இளஞ்சிவப்பு கலந்த ஊதாவும் மறுபக்கம் மஞ்சளுமாக இருக்கும். காளை அதன் மேல் பலமுறை பாய்ந்த பிறகு, கடைசிக் கட்டத்தில்தான் சிறிய சிவப்புத் துணி வருகிறது. அதற்குள் காளைக்குக் காயம் பட்டிருக்கும். சிவப்பு நிறம் இரத்தக் கறையை மறைக்க உதவும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அந்த நிறம் பார்வையாளர்களுக்கானது.

நம் ஊர் வாடிவாசலிலும் நான்கு கட்டங்களை நிரப்பலாம். அலங்காநல்லூர், பாலமேடு போன்ற இடங்களில் மாடுபிடி வீரர்கள் சுற்றுக்கு ஒரு நிறப் பனியனில் களம் இறங்குவதைப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள். மஞ்சள் பனியன் சுற்றிலும் நீலப் பனியன் சுற்றிலும் காளைகள் பாயத்தான் செய்கின்றன. "நின்று விளையாடும்" காளை எனப் பெயர் எடுத்த மாடு வாடிவாசலை விட்டு வெளியேறாமல் களத்தில் சுற்றும்போது, யார் நகர்கிறாரோ அவர் பக்கம் திரும்புவதைக் கவனிக்கலாம்.

வீசும் துணியைக் கண்டு ஓடும் மாடுகள்

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு மாணவர் எழுந்து கேட்கக்கூடும்: "எங்க தாத்தா தோள் துண்ட வீசித்தான் மாட்ட வெரட்டுவாரு. அது ஓடுது, முட்டல. ஏன் சார்?" இதைவிட நல்ல கேள்வி இந்தப் பாடத்தில் இல்லை. வீசும் துணி காளையைப் பாய வைக்கிறது என்ற நம் முடிவும் பாதிதான் என்பதை இது காட்டுகிறது.

அசைவு செய்வது ஒன்றே ஒன்று: மாட்டின் கவனத்தைத் துணியின் பக்கம் இழுக்கிறது. அதன்பின் மாடு ஓடுகிறதா பாய்கிறதா என்பதை வேறு சில காரணங்கள் முடிவு செய்கின்றன. முதலாவது, தூரம். ஒவ்வொரு மாட்டுக்கும் தன்னைச் சுற்றி ஒரு எல்லை உண்டு. அறிமுகமில்லாதவர் அதற்குள் வந்தால் விலகிப் போகும். இரண்டாவது, வழி. விலகிப் போக இடம் இருந்தால் பெரும்பாலான மாடுகள் ஓடிவிடும். சுவர், வேலி, கூட்டம், கட்டுக்கயிறு ஆகியவற்றால் வழி அடைபட்டால் எதிர்த்துத் திரும்பும். மூன்றாவது, இயல்பு. ஏர் உழுது பழகிய எருதும், மனிதர் நெருங்கினால் சீறும்படி பரம்பரையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட புலிக்குளம் காளையும் ஒன்றல்ல. கன்று ஈன்ற பசு சாதுவாக இருந்தாலும் கன்றுக்கு அருகில் யாரும் போனால் பாயும்.

மஞ்சள் பையைச் சுழற்றிய மாணவனின் நிகழ்வை இப்போது திரும்பப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. பை சுழன்றது; அவன் ஓடினான்; ஆக அசைவு இரட்டிப்பாக இருந்தது. தெரு குறுகலானது, அவன் காளையின் எல்லைக்குள் போய்விட்டான். காளை கட்டப்பட்டிருந்தது, விலகிப் போக அதற்கு வழி இல்லை. அது பயிற்சியில் இருந்த காளை. இந்த நான்கில் ஒன்றுகூட நிறத்தைப் பற்றியது அல்ல.

"ஆனா எங்க மாடு நெசமாவே செவப்பக் கண்டாத்தான் மொறைக்கும்" என்று உறுதியாகச் சொல்லும் வீடுகளும் உண்டு. அவர்கள் பொய் சொல்வதாக எண்ண வேண்டாம். மாடுகள் தமக்கு வலி கொடுத்தவரை நினைவில் வைத்துக்கொள்கின்றன; அவர் வழக்கமாக அணியும் உடையையும் அடையாளமாகக் கொள்கின்றன. ஊசி போட வந்தவரின் உடையைப் போன்ற உடையில் வேறு யாராவது வந்தாலும் சில மாடுகள் மிரளும். ஒரு காளை ஒருமுறை சிவப்புக் குடையால் அடிபட்டிருந்தால், அந்தக் குடைக்கு மட்டும் அது மிரளலாம். அது அந்த மாடு கற்றுக்கொண்டது. மாட்டினத்தின் இயல்பு அல்ல.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

காளை பாயும் முன் பெரும்பாலும் அறிகுறி காட்டும். தலையைத் தாழ்த்தி, கழுத்தை வளைத்து, தன் பக்கவாட்டைக் காட்டி நிற்கும். முன்காலால் மண்ணைப் பறிக்கும். கொம்பால் தரையைக் குத்தும். பலமாக மூச்சு விடும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த வழியே போகக் கூடாது. சுற்றிப் போக வேண்டும்.

கட்டியிருக்கும் காளை எட்டும் தூரத்தைக் கணக்குப் பாடத்தோடு சேர்த்துச் சொல்லலாம். முளைக்குச்சியிலிருந்து கயிறு 3 மீட்டர் என்றால், முளையை மையமாகக் கொண்ட 3 மீட்டர் ஆர வட்டம் முழுவதும் காளையுடையது. அதற்கு வெளியே தலையும் கொம்பும் எட்டும் தூரத்தையும் சேர்க்க வேண்டும். தெரு 4 மீட்டர் அகலம் என்றால், முளை ஓரத்தில் இருந்தாலும் எதிர்ச் சுவரை ஒட்டிப் போகிறவருக்கு மிஞ்சுவது அரை மீட்டர்கூட இல்லாமல் போகலாம். முளை பிடுங்கிக்கொண்டாலோ கயிறு அறுந்தாலோ அதுவும் இல்லை. இந்தப் படத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டு, எந்த வழியாகப் பள்ளிக்கு வருவது என்று பிள்ளைகளையே முடிவு செய்யச் சொல்லலாம்.

எதிர்பாராமல் காளை எதிரே வந்துவிட்டால், பை, குடை, துண்டு, கை எதையும் வீசக் கூடாது. அதட்டிக் கத்தவும் கூடாது. காளையைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்வாங்கி, சுவர், திண்ணை, மரம், வண்டி என ஏதாவது ஒன்றை இடையில் வைத்துக்கொள்ள வேண்டும். அசையாமல் நின்றால் காளை ஒன்றும் செய்யாது என்று உறுதி கொடுத்துவிடக் கூடாது. மிக அருகில் வந்துவிட்ட, ஏற்கெனவே குறிவைத்துவிட்ட காளைக்கு நிற்பவரும் இலக்குதான். அசைவைக் குறைப்பது காளையின் கவனத்தை இழுக்காமல் இருக்க உதவும். அதற்கு மேல் காப்பது தூரமும் மறைப்பும்தான்.

அன்று வகுப்பு முடியும்போது நான்கு கட்டங்களும் கரும்பலகையில் இருந்தன. ரிப்பன் கட்டாமல் வந்த மாணவி அவற்றைத் தன் நோட்டில் வரைந்துகொண்டாள். "அப்பத்தாகிட்ட என்ன சொல்லுவ?" என்று கேட்டேன். "ரிப்பன் கட்டிக்கிறேன்னு சொல்லுவேன் சார். பையத்தான் ஆட்டாமப் போகணும்" என்றாள்.